லேபுக்கு வேலை கேட்டு மெயில்: "எல்லா டெஸ்ட்டும் தெரியும்" என்று எழுதலாமா?

மணப்பாறை மாணவி · 9 ஜூன், இரவு 10.40

மே மாதம் டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ லேப் டிப்ளமோ முடித்தேன், இரண்டு வருடப் படிப்பு. திருச்சியில் ஒரு நடுத்தர லேபில் ஆள் எடுக்கிறார்கள் என்று தோழி சொல்லி, மெயில் முகவரியை மட்டும் கொடுத்தாள். ஆங்கிலத்தில் எழுதி வைத்திருப்பதை இங்கே தமிழில் போடுகிறேன். போதுமா என்று சொல்லுங்கள்.

"மதிப்பிற்குரிய ஐயா, நான் டி.எம்.எல்.டி. முடித்திருக்கிறேன். கடின உழைப்பாளி. விரைவில் கற்றுக்கொள்வேன். ஹெமட்டாலஜி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, சீராலஜி என எல்லாப் பரிசோதனைகளும் செய்யத் தெரியும். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தம் எடுத்திருக்கிறேன். தானியங்கிக் கருவிகளில் அனுபவம் உண்டு. எந்த ஷிஃப்டுக்கும் வரத் தயார். எல்லாச் சான்றிதழ்களையும் இணைத்திருக்கிறேன்."

துளிக்கணக்கு · 9 ஜூன், இரவு 11.15

நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு வருட அனுபவம் என்றும் சேர்த்துவிடுங்கள், யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் அது தரத்துக்கான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற லேப் என்றால் அனுப்பியே பயனில்லை. அங்கே பி.எஸ்சி. முடித்தவர்களை மட்டும்தான் எடுப்பார்கள். நான் பி.எஸ்சி., கோவையில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். தெரிந்துதான் சொல்கிறேன்.

ஊதா மூடி · 10 ஜூன், காலை 5.20

டியூட்டிக்குக் கிளம்பும் முன் இரண்டு வரி. துளிக்கணக்கு சொல்வதை நம்பாதே பெண்ணே. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவருக்கு வேண்டிய தகுதி வேறு, மேசையில் நின்று வேலை செய்கிறவருக்கு வேண்டிய தகுதி வேறு. நான் இருக்கும் லேபும் அங்கீகாரம் பெற்றதுதான். எங்கள் காலை ஷிஃப்டில் பாதிப் பேர் டி.எம்.எல்.டி.தான். மீதியை மதியம் எழுதுகிறேன்.

ஊதா மூடி · 10 ஜூன், மாலை 3.45

பதினெட்டு வருடமாக இதே வேலை. கடந்த ஆறு வருடமாகப் புதிதாக வருகிறவர்களின் மெயிலை முதலில் பார்க்கும் வேலையும் என் தலையில்தான். அதனால் உன் கடிதத்தை நான் எப்படிப் படிப்பேன் என்று சொல்கிறேன்.

"கடின உழைப்பாளி" என்ற வரியைக் கண் தாண்டிப் போய்விடும், அதனால் கெடுதலும் இல்லை. "எல்லாப் பரிசோதனைகளும் தெரியும்" என்ற இடத்தில்தான் நிற்பேன். பதினெட்டு வருடம் கழித்தும் எனக்கு எல்லாம் தெரியாது. கல்ச்சர் தட்டைப் பார்த்துக் கிருமியின் பெயர் சொல்லும் வேலையை இன்றும் மைக்ரோபயாலஜி ஆளிடம்தான் கொடுக்கிறேன். எல்லாம் தெரியும் என்கிறவரிடம் எதைக் கேட்பது என்றே தெரியாது. ஆகவே இருப்பதிலேயே கடினமானதைக் கேட்பேன்.

உன் பயிற்சியை மூன்று வினைச்சொல்லாகப் பிரித்துக்கொள். பார்த்தேன். ஒருவர் அருகில் நிற்கச் செய்தேன். தனியாகச் செய்தேன். ஒவ்வொரு பரிசோதனையையும் இந்த மூன்றில் ஒன்றின் கீழ்ப் போடு. மூன்றாவது பட்டியல் சின்னதாகத்தான் வரும், வெட்கப்படாதே. எனக்கு வேண்டியது அதுதான். திங்கட்கிழமை காலை உன்னை எந்த மேசையில் நிறுத்தலாம் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வேன்.

அந்த ஆயிரம் பேர் கணக்கு எப்படி வந்தது?

மணப்பாறை மாணவி · 10 ஜூன், இரவு 8.30

நன்றி மேடம். பயிற்சி ஆறு மாதம், ஒரு அரசு மருத்துவமனையில். அதில் ஆறு வாரம் புறநோயாளிகளுக்கு இரத்தம் எடுக்கும் இடத்தில் இருந்தேன். தினமும் கூட்டம் நெரியும். எண்ணவில்லை, ஆயிரம் இருக்கும் என்று தோன்றியது.

ஊதா மூடி · 10 ஜூன், இரவு 9.05

மேடம் வேண்டாம், அக்கா போதும். தோன்றியதை எழுதக் கூடாது. உட்கார்ந்து எண்ணு. ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மாணவிகள் நின்றீர்கள், உன் கைக்கு எத்தனை வந்தது?

மணப்பாறை மாணவி · 10 ஜூன், இரவு 9.50

ரெக்கார்டு நோட்டை எடுத்துப் பார்த்தேன் அக்கா. காலையில் 50 பேர் வருவார்கள். மாணவிகள் மூன்று பேர். ஆளுக்குச் சராசரியாக 15. வாரம் ஆறு நாள், ஆறு வாரம், 36 நாள். 540 வருகிறது. முதல் வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டு மட்டும்தான் நின்றோம், அதைக் கழித்தால் 30 நாள், 450. நான்கு நாள் காய்ச்சலில் போகவில்லை. 390.

ஊதா மூடி · 10 ஜூன், இரவு 10.00

"சுமார் 390 பேருக்குத் தனியாக இரத்தம் எடுத்திருக்கிறேன், ரெக்கார்டு நோட்டு இருக்கிறது" என்று எழுது. "ஆயிரத்துக்கும் மேல்" என்று வாரத்துக்குப் பத்து மெயிலில் படிக்கிறேன். 390 என்று எழுதிய மெயில் ஒன்றுகூட இதுவரை வந்ததில்லை. வந்தால் அன்றைக்கே கூப்பிடுவேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் · 11 ஜூன், காலை 7.10

இரத்தப் பரிசோதனை பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். சென்ற வாரம் ஒரு லேபுக்கு நேரில் போய்க் கொடுத்தபோது, வெறும் வயிற்றில் சர்க்கரை 132. இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போனார்கள், 118. சாப்பாட்டில் மாற்றமில்லை, மாத்திரையிலும் மாற்றமில்லை. எதை நம்புவது? இந்தப் பெண் வேலைக்குச் சேரப் போகும் லேப் எது என்று சொன்னால் அங்கேயும் ஒருமுறை பார்த்துவிடுவேன்.

துளிக்கணக்கு · 11 ஜூன், காலை 7.40

ஐயா, இது வேலை கேட்கும் இழை.

மணப்பாறை மாணவி · 11 ஜூன், காலை 8.20

ஐயா, வீட்டுக்கு வந்தவர் சாம்பல் மூடி டியூபில் எடுத்தாரா, சிவப்பு மூடியிலா? இரத்தம் குழாய்க்குள் வந்த பிறகும் அதிலுள்ள செல்கள் சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை குறையும் என்று படித்தோம். சாம்பல் மூடியில் ஃப்ளோரைடு இருப்பதால் அது நின்றுவிடும். அவர் நாலைந்து வீடு முடித்துவிட்டு லேபுக்குப் போயிருந்தால் 132 இருந்தது 118 ஆக இறங்கியிருக்கலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் · 11 ஜூன், காலை 9.00

மூடியின் நிறத்தைக் கவனிக்கவில்லை அம்மா. ஆனால் எங்கள் வீடுதான் முதல் வீடு. ஒன்பது மணிக்கு அவரை அதே தெருவில் டீக்கடையில் பார்த்தேன், பை தோளில் இருந்தது.

ஊதா மூடி · 11 ஜூன், மாலை 4.10

ஒரு திருத்தம். ஃப்ளோரைடு போட்டவுடன் சர்க்கரை இறங்குவது நின்றுவிடாது. அது வேலை செய்யத் தொடங்க நேரம் பிடிக்கும். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அதற்குப் பிறகுதான் நிலைக்கும். அதனால் சாம்பல் மூடி இருந்தாலும் டீக்கடை நியாயமாகிவிடாது. ஐயா, இரண்டு வேறு நாள், கருவியும் வேறாக இருந்திருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 14 வித்தியாசத்துக்குக் காரணம் பையா, நாளா, கருவியா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அடுத்த முறை நேரில் போய்க் கொடுங்கள், மருத்துவரிடம் இரண்டு தாளையும் காட்டுங்கள்.

மாணவிக்கு: இந்தப் பதிலைத் தந்தது நீதானே? மெயிலில் "எல்லாம் தெரியும்" என்று எழுதியவளும் நீதானே? இரண்டாவது ஆள் எனக்கு வேண்டாம், முதல் ஆளை அனுப்பு.

ஊதா மூடி · 11 ஜூன், இரவு 9.30

டியூப் பேச்சு வந்ததால் என் கதை ஒன்று. சேர்ந்த மூன்றாவது மாதம். ஒரு பெரியவருக்கு இரத்தம் எடுத்தேன், நரம்பு சரியாகக் கிடைக்கவில்லை. ஊதா மூடி நிறைந்துவிட்டது, சிவப்பு மூடியில் அரை மில்லிகூட விழவில்லை. இன்னொரு முறை குத்த மனம் வரவில்லை. ஊதாவைத் திறந்து அதிலிருந்து கொஞ்சம் சிவப்பில் ஊற்றினேன். இரத்தம் இரத்தம்தானே என்று நினைத்தேன்.

பொட்டாசியம் 9.4 வந்தது. கால்சியம் 4.1. அந்த எண்களோடு ஒருவர் எழுந்து நடப்பது கடினம். என் சீனியர் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தார். பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சீனியர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஊதாவில் என்ன மருந்து இருக்கிறது?" அதில் இருப்பது பொட்டாசியம் உப்பாக உள்ள இ.டி.டி.ஏ. இரத்தம் உறையாமல் இருக்க அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. பொட்டாசியம் ஏறி, கால்சியம் சரிந்து, இரண்டும் சேர்ந்து வந்தால் யாரோ ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பொட்டாசியம் மட்டும் ஏறியிருந்தால் செல்கள் உடைந்ததா, சீரம் பிரிக்கத் தாமதமானதா என்று வேறு வழியில் தேட வேண்டும்.

ரிப்போர்ட் வெளியே போகவில்லை. பெரியவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு மறுபடி குத்தினோம். இங்கே என் பெயர் ஏன் ஊதா மூடி என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

இன்டர்வியூவில் நான் முதலில் கேட்பது டியூப் வரிசை. கல்ச்சர் பாட்டில் இருந்தால் அது முதலில், பிறகு நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், ஊதா, கடைசியில் சாம்பல். பலர் ஒப்பிப்பார்கள். "ஊதாவுக்குப் பிறகு சிவப்பில் எடுத்தால் என்ன ஆகும்" என்றதும் பாதிப் பேர் விழிப்பார்கள்.

துளிக்கணக்கு · 12 ஜூன், காலை 10.15

சரி, பி.எஸ்சி. விஷயத்தில் நான் பொதுவாகச் சொல்லிவிட்டேன். எங்கள் லேபில் அப்படி. ஆனால் கருவி அனுபவத்தை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. எல்லா லேபும் இப்போது கருவிதான். "கன்ட்ரோல் ஓட்டத் தெரியும், தரக்கட்டுப்பாடு தெரியும்" என்று எழுதினால் மதிப்பு. அளவு முன்பே தெரிந்த அந்தக் கன்ட்ரோல் திரவம் எல்லைக்கு வெளியே போனால் திரும்ப ஓட்ட வேண்டும், உள்ளே வந்ததும் நோயாளி சாம்பிளைப் போட வேண்டும். இதில் என்ன பெரிய வித்தை?

ஊதா மூடி · 12 ஜூன், மாலை 3.30

அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்துக்காகவே ஒரு புதுப் பெண்ணை நிராகரித்திருக்கிறேன். உள்ளே வரும்வரை ஓட்டுவது தரக்கட்டுப்பாடு ஆகாது, அது தாயம் விழும்வரை உருட்டுவது.

எங்கள் பயோகெமிஸ்ட்ரி கருவியில் தினமும் காலை இரண்டு நிலைக் கன்ட்ரோல் வைக்கிறோம். ஒன்று சாதாரண அளவு, மற்றது உயர்ந்தது. கருவி நன்றாக இருக்கும்போதே, இரண்டில் ஒன்றாவது இரண்டு எஸ்.டி., அதாவது இரண்டு திட்ட விலக்க எல்லைக்கு வெளியே விழுவது பத்து நாளில் ஒரு நாள் தற்செயலாக நடக்கும். அதனால் ஒரு புள்ளி இரண்டு எஸ்.டி.யைத் தாண்டினால் அது எச்சரிக்கை, நின்று பார்க்க வேண்டும். மூன்றைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும். இரண்டு நிலையும் ஒரே பக்கமாக இரண்டைத் தாண்டினாலும் நிறுத்த வேண்டும். அப்போது ஏதோ ஒன்று மொத்தமாக நகர்ந்திருக்கிறது. ரீஏஜென்டா, காலிபரேஷனா, கன்ட்ரோல் குப்பி காலாவதியா என்று தேடாமல் மறுபடி மறுபடி ஓட்டினால் ஒருமுறை தற்செயலாக உள்ளே விழும். அந்தக் காலை முழுதும் எல்லாருடைய கிரியாட்டினினும் ஒரே பக்கம் சாய்ந்து போகும். யாருக்கும் தெரியாது.

மாணவிக்கு: நீ கன்ட்ரோல் ஓட்டினாயா, ஓட்டும்போது பார்த்தாயா?

மணப்பாறை மாணவி · 12 ஜூன், இரவு 8.00

பார்த்தேன் அக்கா. காலையில் சீனியர் ஓட்டி வரைபடத்தில் புள்ளி வைப்பார். ஒருநாள் மட்டும் என்னை வைக்கச் சொன்னார். செல் கவுன்டரில் சாம்பிள் நானே போட்டிருக்கிறேன், வெள்ளை அணுக்களை மூன்றாகப் பிரித்துக் காட்டும் வகை. பயோகெமிஸ்ட்ரியில் செமி ஆட்டோ கருவியில் சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின் ஒருவர் அருகில் நிற்கச் செய்திருக்கிறேன். சிறுநீர்ப் பரிசோதனை தனியாக. லீஷ்மன் சாயம் போட்டு ஸ்மியர் தனியாக, நூறு இருக்கும். இந்த நூறு எண்ணியது.

ஊதா மூடி · 12 ஜூன், இரவு 8.25

கடைசி வரிக்குச் சிரித்தேன். "தரக்கட்டுப்பாட்டு வரைபடத்தைத் தினமும் பார்த்திருக்கிறேன், தனியாக ஓட்டியதில்லை" என்றே எழுது. ஓட்டியதில்லை என்று எழுதுகிறவருக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது.

கோப்புக்காரர் · 13 ஜூன், காலை 11.30

ஒரு லேபின் அலுவலகத்தில் எச்.ஆர். வேலை. இங்கே இரத்தம் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு டியூப் தெரியாது. மெயில் தெரியும்.

எங்களுக்கு வரும் வேலை மெயில்களில் பாதி, ரிப்போர்ட் அனுப்பும் முகவரிக்கு வருகிறது. அங்கே காலை முழுவதும் "என் ரிப்போர்ட் எங்கே" என்ற மெயில்கள்தான். உங்கள் கடிதம் அதற்கு அடியில் புதைந்துவிடும். உங்களுக்குக் கிடைத்த முகவரி எது என்று போன் செய்து கேளுங்கள். காலை ஏழிலிருந்து பதினொன்று வரை கூப்பிடாதீர்கள், மூன்று மணிக்குக் கூப்பிடுங்கள்.

இணைப்பு ஒன்பது தனித்தனிப் படங்களாக வரும், ஒன்று பக்கவாட்டில் திரும்பியிருக்கும். `scan0047.pdf` என்று பெயர் இருந்தால் நாளைக்கு யாருடையது என்று தேட வேண்டும். சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி `DMLT_Certificates.pdf` என்பதோடு உங்கள் பெயரையும் சேர்த்து வையுங்கள். தயவுசெய்து பத்து லேபுகளுக்கு ஒரே மெயிலில் முகவரி தெரியும்படி அனுப்பாதீர்கள். போன மாதம் அப்படி ஒன்று வந்தது. அந்தப் பட்டியலில் இருந்த வேறொரு லேபின் மேலாளர் எல்லாருக்கும் பதில் போட்டு, எங்கள் எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துச் சொன்னார். மே மாதத்தில்.

மணப்பாறை மாணவி · 13 ஜூன், இரவு 7.45

சான்றிதழில் ஒரு சிக்கல். டிப்ளமோ இன்னும் கைக்கு வரவில்லை. மதிப்பெண் பட்டியல் இரண்டும், படிப்பு முடித்ததற்கான கடிதமும், பயிற்சிச் சான்றும் இருக்கின்றன. "எல்லாச் சான்றிதழ்களும்" என்று எழுதலாமா?

கோப்புக்காரர் · 13 ஜூன், இரவு 8.10

கூடாது. எது இருக்கிறது, எது வரவில்லை, எப்போது வரும் என்று எழுதுங்கள். டிப்ளமோவை வழங்குவது யார் என்பதையும் முழுப் பெயரோடு போடுங்கள். நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆறு மாதத்தில் கொடுத்த சான்றிதழிலும் இதே நான்கு எழுத்தை அச்சடித்து அனுப்புகிறவர்கள் உண்டு.

ஊதா மூடி · 13 ஜூன், இரவு 9.40

கோப்புக்காரர் கேட்காத ஒரு காகிதம்: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. மூன்று ஊசி, முதல் ஊசியிலிருந்து ஒரு மாதம், ஆறு மாதம் கழித்து மற்ற இரண்டு. போட்டிருந்தால் தேதிகளை எழுது. மூன்றாவது பாக்கி என்றால் அதையும் எழுது. ஊசிமுனை கையில் குத்துவது இந்த வேலையில் எப்போதாவது நடக்கிற காரியம், எனக்கே இரண்டு முறை நடந்திருக்கிறது. இதைக் கேட்காமலே சொல்கிற புதியவர் ஊசியை மூடியால் மறுபடி மூடமாட்டார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. ஆதாரம் இல்லாத நம்பிக்கைதான்.

இரவுக்காவல் · 14 ஜூன், அதிகாலை 3.05

டியூட்டியிலிருந்து. "எந்த ஷிஃப்டுக்கும் தயார்" என்ற வரியை யாரும் இன்னும் தொடவில்லையே? நான் அப்படி எழுதித்தான் சேர்ந்தேன். ஒரு மருத்துவமனை லேப். பதினோராவது நாள் இரவில் தனியாக விட்டார்கள். இரத்தம் எடுப்பதும் நான், ஓட்டுவதும் நான், போன் எடுப்பதும் நான். இரண்டு மணிக்கு விபத்துக் கேஸ், இரத்த வகை கேட்கிறார்கள். அதற்கு முன் தனியாக நான் இரத்த வகை பார்த்ததே இல்லை. கை நடுங்கியது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன், மூன்றும் ஒன்றாக வந்தது, அப்போதும் சீனியரை எழுப்பிக் கேட்டேன். திட்டினார். எழுப்பியதற்காக இல்லை, மூன்று முறை போட்டு நேரத்தைக் கடத்தியதற்காக.

ஊதா மூடி · 14 ஜூன், காலை 5.15

நான்தான் தொடாமல் விட்டேன். உண்மையைச் சொன்னால், இரண்டு நாளாக "அந்த வரி இருக்கட்டும், வேலை கிடைக்க உதவும்" என்றுதான் நினைத்திருந்தேன். இரவுக்காவல் எழுதியதைப் படித்த பிறகு மாற்றிக்கொள்கிறேன். மதியம் எழுதுகிறேன்.

ஊதா மூடி · 14 ஜூன், மாலை 4.00

லேபில் ஷிஃப்ட் என்பது தத்துவம் இல்லை, பஸ். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் ஆறு மணிக்கே வாசலில் நிற்பார்கள். ஆறு முதல் பத்து வரைதான் எங்கள் நாளின் பாதி. புதியவர் அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான். நீ மணப்பாறையிலிருந்து முதல் பஸ் பிடித்தால் எத்தனை மணிக்கு நாற்காலிக்குப் பின்னால் நிற்பாய்?

மணப்பாறை மாணவி · 14 ஜூன், இரவு 7.20

எங்கள் வீட்டருகில் ஐந்தேகாலுக்கு ஒரு பஸ். திருச்சி சேர ஆறரை ஆகிவிடும். ஆறு மணிக்கு முடியாது அக்கா. பாலக்கரையில் அத்தை வீடு இருக்கிறது. அங்கே தங்க அப்பா சம்மதிக்க வேண்டும். இரவு ஷிஃப்டுக்கு இப்போதைக்கு அனுப்பமாட்டார்.

துளிக்கணக்கு · 14 ஜூன், இரவு 7.50

இதையெல்லாம் மெயிலில் எழுதினால் கூப்பிடவே மாட்டார்கள். சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

கோப்புக்காரர் · 14 ஜூன், இரவு 8.30

துளிக்கணக்கு சொல்வதில் பாதி சரி. "இரவு முடியாது" என்று மட்டும் எழுதினால் நானே ஒதுக்கிவிடுவேன். முடிந்ததை முதலில் எழுதினால் படிப்பேன். ஆனால் சேர்ந்த பிறகு பேசலாம் என்பது வேலைக்கு ஆகாது. நான் ரோஸ்டர் போட்ட பிறகு வந்து "பஸ் இல்லை" என்கிறவர்களால்தான் எனக்கு இரத்த அழுத்தம்.

ஊதா மூடி · 14 ஜூன், இரவு 9.15

அத்தை வீடு உறுதியானால் காலை ஆறு என்று எழுது. உறுதியாகாவிட்டால் ஏழு என்று எழுது. ஞாயிறு, பண்டிகை நாள் வர முடியும் என்றால் சொல், எல்லாரும் ஓடுகிற நாள் அதுதான். இரவைப் பற்றி "தனியாகப் பார்க்கப் பழகி, மதிப்பீடு முடிந்த பிறகு" என்று எழுது. அங்கீகாரம் பெற்ற லேபில் எப்படியும் ஒருவரைத் தனியாக விடும் முன் அவருடைய திறனைச் சோதித்து எழுதி வைக்க வேண்டும். அதனால் இது சலுகை கேட்பது ஆகாது.

ஸ்கூட்டி ஓட்டுவாயா? உரிமம் இருந்தால் ஒரு வரி போடு. வீட்டுக்குப் போய் எடுக்க ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். டீக்கடையை மட்டும் தவிர்த்துவிடு.

ஓய்வுபெற்ற ஆசிரியர் · 14 ஜூன், இரவு 9.40

அதை நான் வழிமொழிகிறேன்.

மணப்பாறை மாணவி · 16 ஜூன், காலை 11.10

அப்பா சம்மதித்துவிட்டார், அத்தைதான் பேசினார். மூன்று மணிக்கு இதை அனுப்பப் போகிறேன்.

"பொருள்: லேப் டெக்னீஷியன் பணி, டி.எம்.எல்.டி. மே 2025, ஜூலை 1 முதல் சேரலாம்.

வணக்கம். இரண்டு வருட டி.எம்.எல்.டி. படிப்பை மே மாதம் முடித்தேன். படித்த நிறுவனமும் டிப்ளமோ வழங்கும் அமைப்பும் இணைப்பின் முதல் பக்கத்தில் உள்ளன. ஆறு மாதப் பயிற்சி ஓர் அரசு மருத்துவமனை லேபில்.

தனியாகச் செய்தவை: சுமார் 390 பேருக்கு இரத்தம் எடுத்தல், சிறுநீர்ப் பரிசோதனை, 100 ஸ்மியர். சீனியர் அருகிலிருக்கச் செய்தவை: செல் கவுன்டர், செமி ஆட்டோ கருவியில் சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின். பார்த்தவை: கன்ட்ரோல் ஓட்டுதல், கல்ச்சர்.

மதிப்பெண் பட்டியல்கள், படிப்பு முடித்த கடிதம், பயிற்சிச் சான்று ஒரே கோப்பாக உள்ளன. டிப்ளமோ இன்னும் வரவில்லை, வந்ததும் அனுப்புவேன். ஹெபடைடிஸ் பி ஊசி இரண்டு முடிந்தன, மூன்றாவது ஆகஸ்டில்.

திருச்சியில் தங்குகிறேன். காலை 6 மணி ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட், ஞாயிறு வர முடியும். பழகிய பிறகு இரவு ஷிஃப்ட் பற்றிப் பேசலாம். இருசக்கர வாகன உரிமம் உண்டு. மாலை 3 மணிக்கு மேல் எப்போதும் போனில் கிடைப்பேன்."

ஊதா மூடி · 16 ஜூன், மாலை 2.40

செல் கவுன்டரில் சாம்பிள் நீயே போட்டதாக அன்று சொன்னாய், இங்கே இரண்டாவது பட்டியலுக்கு இறக்கியிருக்கிறாய். கவனித்தேன். அனுப்பு.

மணப்பாறை மாணவி · 27 ஜூன், இரவு 8.15

நேற்றுக் கூப்பிட்டார்கள். உண்மையான நோயாளி ஒருவருக்கு என்னை எடுக்கச் சொல்லி அருகில் நின்று பார்த்தார்கள். டியூப் வரிசை கேட்டார்கள், ஊதாவுக்குப் பிறகு சிவப்பு ஏன் கூடாது என்றும் கேட்டார்கள். பெரியவர் கதை ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு சொன்னேன். 390 எப்படி வந்தது என்றும் கேட்டார்கள், நோட்டைக் காட்டினேன். ஜூலை 1 வரச் சொல்லியிருக்கிறார்கள், முதல் மூன்று மாதம் காலை ஷிஃப்ட்.

ஒன்றுதான் இடிக்கிறது. அசல் மதிப்பெண் பட்டியலை ஒரு வருடம் அவர்களிடம் வைக்கச் சொல்கிறார்கள்.

துளிக்கணக்கு · 27 ஜூன், இரவு 8.30

கொடுத்துவிடுங்கள். எல்லா இடத்திலும் அதுதான். நானும் கொடுத்தேன், திரும்பத் தந்தார்கள்.

இரவுக்காவல் · 28 ஜூன், அதிகாலை 1.50

எனக்குத் தர நான்கு மாதம் ஆனது. அதற்குள் ஓர் அரசு வேலைக்கான சரிபார்ப்புத் தேதி போய்விட்டது. கொடுக்காதீர்கள்.

கோப்புக்காரர் · 28 ஜூன், காலை 10.00

அசலைக் காட்டி, சுயசான்றிட்ட நகலைக் கொடுப்பதுதான் முறை. நாங்கள் அசலை வாங்குவதில்லை. வாங்குகிற இடங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. மறுத்தால் வேலை போகுமா என்று என்னால் சொல்ல முடியாது.

ஊதா மூடி · 28 ஜூன், மாலை 4.20

டிப்ளமோ வாங்க அசல் பட்டியலைக் காட்ட வேண்டியிருக்கும், அதனால் இப்போது தர இயலாது என்று சொல்லிப் பார். உன் கல்லூரியில் கேட்டுக்கொண்டு அது உண்மையானால் மட்டும் சொல். அப்படியும் வற்புறுத்தினால் முத்திரையோடு எழுத்தில் ரசீது கேள். நானாக இருந்தால் கொடுக்கமாட்டேன். ஆனால் எனக்கு வேலை இருக்கிறது, உனக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. நீதான் முடிவெடுக்க வேண்டும்.

மணப்பாறை மாணவி · 1 ஜூலை, இரவு 9.10

நகலை வாங்கிக்கொண்டார்கள். அசல் பற்றி அடுத்த மாதம் பேசலாம் என்றார்கள். இன்று 22 பேர். இங்கே சிவப்புக்குப் பதில் மஞ்சள் மூடி, உள்ளே ஜெல். நான் பயிற்சியில் பார்த்ததே இல்லை. எடுத்த பிறகு எத்தனை முறை கலக்க வேண்டும் அக்கா? பக்கத்தில் இருந்தவர் வேகத்தில் கேட்க முடியவில்லை.

ஊதா மூடி · 1 ஜூலை, இரவு 9.20

மஞ்சள் ஐந்து முறை, ஊதா எட்டு முறை. குலுக்காதே, மெதுவாகக் கவிழ்த்துத் திருப்பு. மஞ்சளை அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து உறைந்த பிறகுதான் சென்ட்ரிஃபியூஜில் சுழற்ற வேண்டும். நாளைக்கு அவர் வேகமாக இருந்தாலும் கேள்.